அம்புக்குறியைப் படிப்பது எப்படி?

வகுப்பு முடிந்து போர்டை அழிப்பதற்குள் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்று எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கமாகிவிட்டது. நர்சிங் கல்லூரியில் அந்தப் படத்துக்கு இன்னொரு பயணமும் உண்டு. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு, பக்கத்து பெஞ்சுத் தோழி அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பாள். "மேம் சொன்னது புரிஞ்ச மாதிரி இருந்துச்சுடி, போர்டைப் பார்த்தா ஒண்ணுமே புரியல" என்று கேட்பவள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. போர்டில் ஆங்கில வாக்கியம் என்று அநேகமாக எதுவும் கிடையாது. பெயர்கள், அம்புக்குறிகள், சுருக்கெழுத்து, அடித்த வரிகள் இவைதான் இருக்கும். அவற்றை இணைத்த வாக்கியங்களை ஆசிரியை வாயால் சொன்னார். படத்தில் அவை பதிவாகவில்லை. அவற்றைத் திரும்ப எழுதுவதுதான் இங்கே மொழிபெயர்ப்பு.

ரத்த அழுத்தத்தை உடல் எப்படிச் சரிசெய்கிறது, அதற்கான மாத்திரை எங்கே குறுக்கிடுகிறது என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். மருந்தியல் வகுப்பில் தவறாமல் வரும் பாடம் இது. படத்தில் இருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
1. ↓BP → kidney → ↑renin
2. Renin → Ang I      (அடித்திருக்கிறது)
3. AGT (liver) –renin→ Ang I –ACE (lung)→ Ang II
4. Ang II → vasoconst., ↑aldo → Na⁺, H₂O ret., K⁺↓ → ↑BP
5. ACEi ✕ (3-ம் வரியின் இரண்டாம் அம்பின் மேல்)
   enalapril 5 mg OD
6. S/E: dry cough, ↑K⁺    C/I: preg
7. Ang II –⊖→ renin   (வளைந்த அம்பு)
```

முதல் வேலை, தமிழை மறந்துவிட்டு போர்டை உள்ளபடியே ஒரு தாளில் பிரதி எடுப்பது. அடித்த வரியையும் அடித்தபடியே எழுத வேண்டும். படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போதும்; ஊகித்து நிரப்பக் கூடாது. செல்போனில் படத்தை 'ஸ்கேன்' போல வெளுப்பாக்கும் வசதி இருந்தாலும், ஒருமுறை மூலப் படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. அந்த வசதி மங்கலான கோட்டை அழித்துவிடக்கூடும். முந்தைய வகுப்பில் சரியாகத் துடைக்காமல் விட்ட எழுத்தைக் கருமையாக்கிப் பாடத்தோடு சேர்த்துவிடவும் கூடும். ஒரு சொல் மற்றவற்றைவிட வெளிறி, எந்த அம்புடனும் சேராமல் தனியாக நின்றால் அது பழைய வகுப்பின் மிச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெளுத்த இடத்தில் எழுத்தே இருக்காது. அதற்கு வேறு கோணத்தில் எடுத்த இன்னொருத்தியின் படம்தான் வழி.

அடுத்தது அம்புக்குறிகள். இந்தப் போர்டில் அம்புகள் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் செய்யும் வேலை வேறு வேறு. முதல் வரியில் அம்பு 'தூண்டுகிறது' என்கிறது: ரத்த அழுத்தம் குறைவது சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. மூன்றாம் வரியில் அதே அம்பு 'மாறுகிறது' என்கிறது: ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்திலிருந்து ஆஞ்சியோடென்சின் ஒன்று உண்டாகிறது. நான்காம் வரியில் அது 'விளைவாக' என்கிறது. செங்குத்து அம்பு இவற்றோடு சேராதது. அது கூடுதல், குறைதல் என்ற அளவை மட்டும் காட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு அம்பின் மேலும் பென்சிலால் ஒரு வினைச்சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வினை என்று முடிவுசெய்ய முடியாத அம்பு, மொழிபெயர்ப்பவளுக்கே அந்த இடம் புரியவில்லை என்பதற்கு அடையாளம். அங்கே நின்று பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அம்பின் மேல் எழுதிய சொல்லையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் வரியில் renin, ACE இரண்டும் அம்பின் தலையிலோ வாலிலோ இல்லை, மேலே இருக்கின்றன. அவை மாற்றத்தைச் செய்யும் என்சைம்கள். தாமே மாறுபவை அல்ல. ரெனின் ஒரு கத்தரிக்கோல் போல, கல்லீரலிலிருந்து வந்த நீளமான புரதத்தை வெட்டி 10 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டாக்குகிறது. அதுதான் ஆஞ்சியோடென்சின் ஒன்று. ஏசிஇ என்ற என்சைம் அதிலிருந்து இன்னும் இரண்டை வெட்டிவிட, 8 அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின் இரண்டு உண்டாகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் liver, lung இரண்டும் இடத்தைச் சொல்கின்றன. புரதம் கல்லீரலில் உருவாகிறது. ஏசிஇ நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நிறைய இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் அடித்துவிட்ட இரண்டாம் வரியின் அருமை தெரியும். "ரெனின் → ஆஞ்சியோடென்சின் ஒன்று" என்று முதலில் எழுதிய ஆசிரியை, மாணவிகள் ரெனினே ஆஞ்சியோடென்சினாக மாறுகிறது என்று எடுத்துக்கொள்வார்களே என்று அதை அடித்துவிட்டு, ரெனினை அம்பின் மேலே ஏற்றிக் கீழே புதிதாக எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மொழிபெயர்த்தால் திருத்தத்தின் காரணமும் கூடவே போய்விடும். வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பாதிதான் புரிந்துகொண்ட தோழி அதே தவறான எண்ணத்தோடு இருக்கக்கூடும். எனவே தமிழ்க் குறிப்பில் ஒரு வரி சேர வேண்டும்: 'மேம் இதை அடித்துவிட்டார், ரெனின் மாறுவதில்லை, மாற்றுகிறது.'

ஐந்தாம் வரியின் பெருக்கல் குறிதான் எல்லாரையும் ஏமாற்றும் இடம். படத்தில் அதுவும் அடித்தல் போலத்தான் தெரியும். "இது தப்புன்னு அடிச்சதா, மருந்து தடுக்குதுன்னு போட்டதா?" என்ற கேள்வி எழ வேண்டும். இரண்டுக்கும் பொருள் நேரெதிர். முதல் வகையில் அந்த வரி பொய், படிக்க வேண்டாம். இரண்டாம் வகையில் அந்த வரி முழு உண்மை. உடலில் நடப்பதுதான், மருந்து அதை நிறுத்துகிறது. வேறுபாட்டை அறிய மூன்று தடயங்கள் உண்டு. தவறுக்காக அடிக்கும்போது கோடு எழுத்துகளின் மேல் நீளமாக ஓடும். தடுப்பைக் காட்டும் குறி அம்பின் நடுவில் மட்டும் விழும். தடுப்புக் குறியின் பக்கத்தில் தடுப்பவரின் பெயர் இருக்கும், இங்கே ACEi. பெரும்பாலும் வேறு நிற மார்க்கரில் இருக்கும். தவறுக்காக அடித்திருந்தால் அருகிலேயே சரியான வடிவம் திரும்ப எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் குறியைச் சரியாகப் படித்தால் இன்னொரு சிக்கலும் தீரும். நான்காம் வரியில் பொட்டாசியம் குறைகிறது. ஆறாம் வரியில் கூடுகிறது. அவசரக்காரர் ஆசிரியை தவறிவிட்டார் என்று நினைத்து ஒன்றை 'திருத்தி'விடுவார். இரண்டும் சரி. நான்காம் வரி மருந்து இல்லாதபோது நடப்பது: அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டீரோன், சோடியத்தையும் நீரையும் உடலில் நிறுத்திப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆறாம் வரி, S/E என்ற தலைப்பின் கீழ், மருந்தின் பக்கவிளைவு: ஆல்டோஸ்டீரோன் குறைந்துவிடுவதால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரே போர்டில் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. பெருக்கல் குறிதான் அவற்றுக்கு நடுவிலான எல்லை. தமிழில் எழுதும்போது 'மருந்து இல்லாமல்', 'மருந்து கொடுத்த பிறகு' என்று இரண்டு பத்திகளாகப் பிரித்தால் முரண்பாடே எழாது.

சுருக்கெழுத்தில் எச்சரிக்கை தேவைப்படுவது அளவுகளில். OD என்பதை நம் மருத்துவமனைகளில் நாளுக்கு ஒருமுறை என்று படிக்கிறோம். கண் மருத்துவத்தில் அதுவே வலது கண். C/I என்பது மருந்தைக் கொடுக்கக் கூடாத நிலை; இங்கே கர்ப்பம். 'கவனமாகக் கொடுக்கவும்' என்று மென்மையாக்கி எழுதிவிடக் கூடாது. எண்ணை மட்டும் எப்போதும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். 5.0 என்று எழுதி நடுப்புள்ளி படத்தில் விழாமல் போனால் அது 50 ஆகிவிடும். எனலாப்ரில் உயர் ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கும் மருந்து. ஒரு நாளின் உச்ச அளவே 40. ஆகவே 50 என்று தெரிந்தால் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளவை மொழிபெயர்ப்பவள் தானாகத் திருத்தாமல், கேள்விக்குறியோடு விட்டு ஆசிரியையிடம் கேட்பதே முறை.

இப்போது தமிழ்க் குறிப்பை எழுதலாம். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் ஹார்மோன், என்சைம், மருந்து ஆகியவற்றின் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. அவற்றை இணைக்கும் வினைகள் தமிழில் இருந்தால் போதும்:

"ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைக் கூடுதலாகச் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜெனை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் ஒன்றாக மாற்றுகிறது. அதை நுரையீரலில் உள்ள ஏசிஇ, ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது. இது ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, ஆல்டோஸ்டீரோனையும் கூட்டுகிறது. சோடியமும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, அழுத்தம் உயர்கிறது. எனலாப்ரில் கொடுத்தால் ஏசிஇயின் வேலை நிற்கிறது. ஆஞ்சியோடென்சின் இரண்டு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, பொட்டாசியம் கூடலாம். வறட்டு இருமல் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது."

வறட்டு இருமல் ஏன் என்று போர்டில் இல்லை. ஏசிஇ, பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. என்சைமைத் தடுத்தால் அது சேர்ந்துவிடுகிறது, இருமலுக்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது. இதைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் வேறு நிற மையில் எழுத வேண்டும். எது ஆசிரியை சொன்னது, எது தோழி சேர்த்தது என்று படிப்பவளுக்குத் தெரிந்தால்தான், பிறகு ஐயம் வரும்போது யாரிடம் கேட்பது என்று புரியும்.

கடைசியாக ஒரு சோதனை. குறிப்பை வாங்கியவள் படத்தைப் பார்க்காமல், தமிழ் வாக்கியங்களை மட்டும் வைத்துப் போர்டைத் திரும்ப வரையட்டும். எந்த அம்பு இடம் மாறுகிறதோ அங்கே வாக்கியம் தெளிவில்லை. மேலே உள்ள குறிப்பை வைத்து வரைந்தால் ஏழாம் வரியின் வளைந்த அம்பு வராது, அது விட்டுப்போயிருக்கிறது. சேர்க்க வேண்டிய வாக்கியம் இதுதான்: ஆஞ்சியோடென்சின் இரண்டு போதுமான அளவு உண்டானதும், ரெனின் சுரப்பதை அது குறைக்கிறது. இனி அவளிடம் கேட்கலாம்: எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு ரெனின் கூடுமா, குறையுமா? தடுப்பவர் குறைந்துவிட்டதால் ரெனின் கூடும். போர்டில் எங்குமே எழுதாத இந்த விடையை அவள் தானாகச் சொன்னால், அம்புகள் அத்தனையும் சரியாகத் தமிழுக்கு வந்துவிட்டன.