நுரையீரல் தயார், ஆள் எழவில்லை

வென்டிலேட்டரில் இருப்பவரின் தொண்டைக்குள் குழாய் இருக்கும். எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் ஐ.சி.யூ. டாக்டர் தினமும் காலையில் மூளை, இதயம், நுரையீரல், வயிறு, சிறுநீரகம், ரத்தம், தொற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். பிரச்சினை நுரையீரலில்தானே, மற்றதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நிமோனியாவோடு வந்த 62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. வென்டிலேட்டரில் இன்று ஐந்தாம் நாள்.

குறிப்பு மூளையில் தொடங்குகிறது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, உடம்பைத் தொட்டு அசைத்தால் மட்டும் லேசாக அசைகிறார். மயக்கத்தை அளக்கும் ராஸ் அளவுகோலில் இது மைனஸ் 4. குழாயைச் சகித்துக்கொள்வதற்காக மிடாசோலம் என்ற மயக்க மருந்து மணிக்கு 4 மில்லிகிராம் வீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து இதயம்: ரத்த அழுத்தம் மருந்தில்லாமலே நிற்கிறது. நுரையீரல் பகுதியில் நல்ல செய்தி. முதல் நாள் 80 சதவீத ஆக்சிஜன் தேவைப்பட்டது, இன்று 40 போதும். விழித்திருந்தால் இன்றே அரை மணி நேரம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்திருக்கலாம்.

ஏன் விழிக்கவில்லை? விடை நான்கு வரி கீழே, சிறுநீரகப் பகுதியில் இருக்கிறது. மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போக வேண்டியவருக்கு நேற்றிரவு முழுக்க 20தான். கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.6 ஆகிவிட்டது. மிடாசோலத்தைச் சிதைப்பது கல்லீரல். சிதைந்து வரும் பொருளுக்கும் மயக்கும் தன்மை உண்டு, அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது தளர்ந்ததால் மயக்கம் உடம்பிலேயே தேங்குகிறது.

நுரையீரலை மட்டும் பார்த்தவருக்கு இது பிடிபடாது. எல்லா உறுப்புகளையும் ஒரே தாளில் எழுதுவதன் பயன் இங்கேதான் என்பது என் எண்ணம்.

இனி, அன்றைய திட்டம். மிடாசோலத்தை நிறுத்த வேண்டும். வலிக்கான மருந்தைக் குறைந்த அளவில் தொடரலாம். சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப ஆன்டிபயாடிக் அளவை மாற்ற வேண்டும். ஒரு பக்கக் கை கால் மட்டும் அசையாமல் இருந்தாலோ, மருந்து நின்று இரண்டு நாளாகியும் விழிக்காவிட்டாலோ தலைக்கு சி.டி. ஸ்கேன். மயக்கத்துக்கு எப்போதும் மருந்துதான் காரணம் என்று எண்ணி, மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவைக் கோட்டைவிடக் கூடாது.

இந்தக் குறிப்பைக் கெடுப்பது ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் நேற்றைய குறிப்பைப் பிரதியெடுத்து, தேதியை மட்டும் மாற்றிவிடுவது. நர்ஸின் சார்ட்டில் சிறுநீர் 20 மில்லி என்றிருக்க, குறிப்பில் மூன்றாம் நாளின் 60 அப்படியே நின்றால் பிரதி என்று தெரிந்துவிடும். இவர் விஷயத்தில் அப்படி நடந்திருந்தால், மிடாசோலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுத்தியதால், ஏழாம் நாள் குறிப்பின் மூளைப் பகுதி மாறியது: ‘கூப்பிட்டதும் கண் திறந்தார், கையை அழுத்தச் சொன்னதும் அழுத்தினார்.’ அடுத்து நுரையீரல் பகுதியில்: ‘30 நிமிடம் தானாக மூச்சுவிட்டார், இருமலில் வலு இருக்கிறது. குழாயை இன்று எடுக்கலாம்.’