அந்தத் தூண் எவ்வளவு குறுகுகிறது?

ஊரிலிருந்து வரும் உறவினரை, கிள்ளானில் இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும், நாம் தவறாமல் கூட்டிப்போகும் இடம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம். எல்லோரும் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது தூண்களை. ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி 16 வட்டத் தூண்கள் நிற்கின்றன. அடியில் ஒரு தூணின் விட்டம் 2.4 மீட்டர். மேலே போகப் போகப் படிப்படியாகச் சிறுத்து 1.2 மீட்டராகிவிடுகிறது. சிறுப்பது பருமன் மட்டுமல்ல, கான்கிரீட்டும் மாறுகிறது. கீழ் மாடிகளில் சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் தாங்கும் கலவை, உச்சியில் 40 தாங்கும் கலவை. வழியில் ஒவ்வொரு மாடியும் தன் எடையைத் தூணின் ஓரிடத்தில் இறக்கி வைக்கிறது.

வெவ்வேறு பருமன், வெவ்வேறு பொருள், பல இடங்களில் பல சுமைகள். பொறியியல் மாணவர்கள் முதலாண்டில் தாளில் வரைந்து போராடும் படிக்கட்டுத் தண்டு இதுதான். இங்கே அது செங்குத்தாக, உண்மையாகவே நிற்கிறது. இவ்வளவு சுமையைத் தாங்கும் தூண் எவ்வளவு குறுகும்?

விடைக்கு வேண்டிய விதி சிறியது.

δ = F L / (A E)

δ என்பது குறுகும் அளவு. F துண்டுக்குள் ஓடும் விசை, L துண்டின் நீளம், A குறுக்குப் பரப்பு, E பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம். தண்டு முழுவதற்கும் ஒரே தடவையில் இதைப் போட முடியாது. பருமனோ பொருளோ சுமையோ மாறும் ஒவ்வோர் இடத்திலும் வெட்டி, துண்டு துண்டாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

உண்மைத் தூணில் துண்டுகள் ஏராளம். விஷயம் விளங்குவதற்காக நான் மூன்று துண்டாக எளிமையாக்கிக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் 100 மீட்டர். விட்டங்கள் கீழிருந்து 2.4, 1.8, 1.2 மீட்டர். விறைப்பு கீழே 40, நடுவே 35, மேலே 30 கிகாபாஸ்கல். தூணின் சொந்த எடையையும் சேர்த்து, மாடிகளின் சுமையை மூன்று இடங்களில் குவித்துவிடுவோம்: உச்சியில் 1,200 டன், 200 மீட்டர் உயரத்தில் 2,400 டன், 100 மீட்டர் உயரத்தில் 3,600 டன்.

பலர் சறுக்குவது இங்கேதான். அடித்துண்டின் தலையில் வைத்த சுமை 3,600 டன் என்பதால் அதற்குள் ஓடும் விசையும் 3,600 என்று எழுதிவிடுவார்கள். அப்படியல்ல. துண்டைக் கற்பனையில் குறுக்கே வெட்டி, வெட்டுக்கு மேலே உள்ள எல்லாச் சுமைகளையும் கூட்ட வேண்டும். மேல்துண்டில் 1,200, நடுத்துண்டில் 3,600, அடித்துண்டில் 7,200 டன். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: மிகக் கீழே வரும் விசை, மொத்தச் சுமைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

இனி விதியைப் போட்டால் மேல்துண்டு 35 மில்லிமீட்டர் குறுகுகிறது, நடுத்துண்டும் அடித்துண்டும் ஆளுக்கு 40. அடியில் விசை ஆறு மடங்கு அதிகம். ஆனால் பரப்பு நான்கு மடங்கு, விறைப்பும் கூடுதல் என்பதால் குறுக்கம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. தூணைச் சிறுக்க வைத்ததன் பயனே அது. மொத்தம் சுமார் 115 மில்லிமீட்டர், ஒரு சாண் நீளத்தில் பாதிக்கும் சற்று மேல்.

இதே விடையை இன்னொரு பாதையிலும் பிடிக்கலாம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு சுமை மட்டும் இருப்பதாக எண்ணுங்கள். உச்சியிலுள்ள 1,200 டன் தனக்குக் கீழேயுள்ள மூன்று துண்டுகளையும் அழுத்துகிறது. அதனால் உச்சி 55 மில்லிமீட்டர் இறங்கும். நடுச்சுமை இரண்டு துண்டுகளை அழுத்தி 40 தருகிறது. மிகப் பெரிய 3,600 டன்னோ அடித்துண்டை மட்டுமே அழுத்துவதால் 20 மில்லிமீட்டர்தான் தருகிறது. கூட்டினால் அதே 115. மூன்று சுமைகளில் மிகச் சிறியதே உச்சியின் இறக்கத்தில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம்! இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு சுமை எவ்வளவு பெரியது என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

கான்கிரீட்டைப் பற்றியும் ஒன்று கவனிக்கத்தக்கது. 40-இலிருந்து 80-க்குப் போனால் வலிமை இரட்டிக்கிறது. விறைப்போ என் கணக்கில் 30-இலிருந்து 40 ஆகத்தான் உயர்ந்தது. நடைமுறையிலும் ஏறத்தாழ அப்படித்தான். உடையாமல் நிற்பது வேறு, குறுகாமல் நிற்பது வேறு. வலிமையான கலவையை நம்பித் தூணை மெலிய வைத்தால், அது உடையாது, ஆனால் கூடுதலாகக் குறுகும்.

அப்படியானால் கோபுரத்தின் உச்சி வரைபடத்தைவிட 115 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குமா? இல்லை. தூணை முழுதாக நிறுத்திவிட்டுப் பிறகு யாரும் சுமை ஏற்றுவதில்லை. ஒவ்வொரு மாடியாகக் கட்டும்போது மட்டம் பார்த்து, அந்த மாடியை அதற்குரிய உயரத்தில் வார்க்கிறார்கள். அதுவரை நிகழ்ந்த குறுக்கம் அந்த வார்ப்பிலேயே ஈடுசெய்யப்பட்டுவிடும். வார்த்தபின் மேலே ஏறும் சுமைதான் அந்த மாடியை இறக்கும்.

நம் மூன்று துண்டுகளில் இதைப் பார்ப்போம். 100 மீட்டர் மாடி மட்டம் வைத்தபின் மேலே இன்னும் 3,600 டன் வரவேண்டும். அது 20 மில்லிமீட்டர் இறங்கும். 200 மீட்டர் மாடிக்கு மேலே வரவேண்டியது 1,200 டன்தான், ஆனால் கீழே குறுகுவதற்கு இரண்டு துண்டுகள் உண்டு; அதுவும் 20 மில்லிமீட்டர் இறங்கும். உச்சிக்கு மேலே எதுவும் வரப்போவதில்லை, அதன் இறக்கம் சுழி. ஆக, மிகுதியாக இறங்குவது உச்சியல்ல, நடுப்பகுதி. கீழ் மாடிகளுக்குக் குறுக நீளம் போதாது, மேல் மாடிகளுக்கு வரவேண்டிய சுமை போதாது. இரண்டும் ஓரளவு இருப்பது நடுவில்தான்.

எல்லாத் தூண்களும் சமமாக இறங்கினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தொல்லை தருவது வித்தியாசம். கோபுரத்தின் நடுவில் மின்தூக்கிகளைச் சூழ்ந்த கான்கிரீட் மையச்சுவர் நிற்கிறது. அதற்கும் வெளித்தூணுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தால், 10 மீட்டர் நீளத் தளம் அந்த அளவுக்குச் சாயும். கதவுகள் பிடிக்கும், தடுப்புச் சுவரின் மேல்விளிம்பில் வெடிப்பு ஓடும், செங்குத்துக் குழாய்கள் வளையும், வெளிப்போர்வைத் தகடுகளின் இடைவெளி நெருங்கிப்போகும். கட்டடம் விழாது, ஆனால் இவை தெரிந்தால் யாரோ இந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள் என்று பொருள். மையச்சுவரும் தூண்களும் ஏறக்குறைய ஒரே தகைவில் இருக்கும்படி பருமனைத் தேர்வதே முதல் மருந்து. இந்தக் கோபுரங்களில் இரண்டுமே கான்கிரீட் என்பது அதற்கு உதவுகிறது. ஒன்று எஃகாகவும் மற்றது கான்கிரீட்டாகவும் இருந்தால் இரண்டும் காலப்போக்கில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

காலம்தான் இந்த விதியின் எல்லை. சுமை மாறாமல் இருந்தாலும் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகிறது. பொறியாளர்கள் இதைக் கிரீப் என்கிறார்கள். ஈரம் உலர்வதாலும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் உடனடிக் குறுக்கத்தைவிடப் பெரிதாகிவிடக்கூடும், அவை வார்ப்பு முடிந்தபின்னும் தொடர்வதால் உச்சிக்கும் சுழி என்ற விடை நீடிக்காது. இன்னோர் எல்லை வடிவம். பருமன் சட்டென்று மாறும் இடத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒரு விட்டத் தூரத்துக்கு, தகைவு சமமாகப் பரவியிராது. மேல்மாடிகளில் கோபுரம் உள்வாங்கும் இடங்களில் தூண்கள் சாய்ந்தும் போகின்றன; சாய்ந்த தூண் பக்கவாட்டிலும் தள்ளும், அதை வேறு உறுப்புகள் தாங்க வேண்டும்.

ஆகவே உயரமான கான்கிரீட் கட்டடங்களில் ஒவ்வொரு மாடிக்கும் எதிர்பார்க்கும் இறக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, தூணை அவ்வளவு உயர்த்தி வார்க்கும்படி அளவையாளரிடம் ஒரு பட்டியல் தருவார்கள். கட்டுமானம் ஏற ஏற அவர் மட்டத்தை அளந்து பார்ப்பார், கணிப்பிலிருந்து அளவு விலகினால் மேல்மாடிகளுக்கான எண்கள் திருத்தப்படும்.