வட்டியின் மேல் ஏறும் வட்டி

அஞ்சலகத்தில் விற்கும் கிசான் விகாஸ் பத்திரம் ஒரே ஒரு வாக்குறுதி தருகிறது: போட்ட பணம் இரட்டிப்பாகும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதமாகவும், இரட்டிப்பாகும் காலம் 115 மாதங்களாகவும் அறிவிக்கப்பட்டன. அதாவது 9 ஆண்டு 7 மாதம்.

இந்த 115 எங்கிருந்து வந்தது? நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு ஏழரை ரூபாய் வீதம் வட்டி வந்தால், இன்னொரு நூறு சேர 13 ஆண்டு 4 மாதம் ஆக வேண்டும். தனிவட்டிக் கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் பத்திரம் அதைவிட மூன்றே முக்கால் ஆண்டு முன்னதாகவே இரட்டித்துவிடுகிறது. காரணம், அந்தந்த ஆண்டின் வட்டி நம் கைக்கு வராமல் அசலோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்த ஆண்டு அதற்கும் வட்டி உண்டு. வட்டி குட்டி போடும் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

ஒரு லட்ச ரூபாயை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் இரண்டு முறையிலும் வட்டி 7,500 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டு தனிவட்டியில் மறுபடியும் 7,500. கூட்டுவட்டியிலோ 1,07,500 ரூபாய்க்குக் கணக்கிட வேண்டும். வட்டி 8,062 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 562 ரூபாய் 50 காசு. இதைப் பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் தோன்றாது. தோன்றாமல் போவதுதான் ஆபத்து. ஆரம்ப ஆண்டுகளில் லாபம் இவ்வளவுதானா என்று நினைத்துப் பலர் வட்டியை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள், அல்லது பத்திரத்தையே பாதியில் முறித்துவிடுகிறார்கள்.

இதே 7.5 சதவீதம் நெடுங்காலம் கிடைப்பதாக வைத்துக்கொண்டு மேலே போவோம். பத்தாம் ஆண்டு முடிவில் தனிவட்டியில் மொத்தம் 1,75,000 ரூபாய். கூட்டுவட்டியில் ஏறத்தாழ 2,06,100. இருபதாம் ஆண்டில் 2,50,000-க்கு எதிரே 4,24,800. முப்பதாம் ஆண்டில் 3,25,000-க்கு எதிரே 8,75,500. அந்த முப்பதாவது ஆண்டு ஒன்றில் மட்டும் தனிவட்டிக்காரருக்கு வழக்கமான 7,500 ரூபாய் வருகிறது; மற்றவருக்கு 61,000 ரூபாய்க்கு மேல்.

அந்த 8,75,500 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் முழுதாக விளங்கும். நாம் போட்ட அசல் ஒரு லட்சம். அசல் மட்டும் முப்பது ஆண்டில் ஈட்டிய வட்டி 2,25,000. மிச்சம் ஐந்தரை லட்சமும் வட்டி ஈட்டிய வட்டி. பத்தாம் ஆண்டில் இந்தப் பகுதி வெறும் 31,100 ரூபாயாக இருந்தது. ஆக, அசலைவிடக் காலமே இங்கே அதிகம் உழைத்திருக்கிறது. அதிலும் கடைசிப் பத்து ஆண்டுகளே பெரும்பகுதியைக் கொண்டுவந்திருக்கின்றன.

இரட்டிப்பாகும் காலத்தை மனக்கணக்காகவே சொல்ல ஒரு பழைய வழி உண்டு: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுப்பது. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி 1494-இல் அச்சிட்ட நூலிலேயே இது இருக்கிறது. 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அஞ்சலகத்தின் 115 மாதத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். கிசான் விகாஸ் பத்திரம் 1988-இல் அறிமுகமானபோது ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டித்தது. அன்றைய வட்டி 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்பதை இந்த வகுத்தலே காட்டிக்கொடுக்கும்.

வங்கியில் வைப்புத்தொகை போடும்போது கூட்டுவட்டி உண்மையிலேயே ஓடுகிறதா என்று ரசீதைப் பார்த்தே அறியலாம். முதிர்வுத் தொகை என்ற இடத்தில் நாம் போட்ட அதே தொகை இருந்தால், வட்டி மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் வெளியே போகிறது என்று பொருள். ஓய்வூதியம் இல்லாதவருக்கு அது தேவைதான். சேர்க்க நினைப்பவருக்கு அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரட்டிப்பாகும் பணத்தின் லாபமான 100 சதவீதத்தை 9.58 ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, 'ஆண்டுக்கு 10.4 சதவீத ஈவு' என்று விளம்பரம் செய்ய முடியும். அது கூட்டுவட்டியில் வளர்ந்த தொகையைத் தனிவட்டி அளவுகோலால் அளந்து பெரிதாக்கிய எண். உண்மை விகிதம் 7.5 மட்டுமே.

வரியும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் வரியாகப் போனால் 7.5 சதவீதம் 6 ஆகிவிடும். ஒன்றரைச் சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் கழிந்துபோன ஒவ்வொரு ரூபாயும் பிற்பாடு ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் கூடவே போய்விடுகிறது. முப்பதாம் ஆண்டு முடிவில் 8,75,500 ரூபாய்க்குப் பதிலாக 5,74,300 ரூபாய்தான் கையில் இருக்கும்.