ஒன்றரை லட்சத்தின் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறுவது ஏன்?

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் அலுவலகங்களில் ஒரே பேச்சுதான். "80சி முழுசாகப் போட்டாச்சா? ஒன்றரை லட்சம் போட்டால் அவ்வளவும் வரியில் மிச்சம்." சொல்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால், அந்தக் கணக்கு தவறு. ஒன்றரை லட்சம் ரூபாய் சேமித்தவருக்கு வரியில் ஒன்றரை லட்சம் குறையவே குறையாது. ஒருவருக்கு 45,000 குறையும், இன்னொருவருக்கு 30,000 குறையும், மூன்றாமவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் போகும். இந்த வித்தியாசம் தெரியாமல், கையில் இருக்கும் பணத்தை மார்ச் கடைசியில் அவசரமாக ஒரு பாலிசியில் போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் பிரீமியம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

வருமான வரியில் சலுகை கிடைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வரியைக் கணக்கிடுவதற்கு முன். உங்கள் வருமானத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் வரி போடுவார்கள். இதுதான் கழிவு. 80சி சேமிப்பு, 80டி மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு எல்லாம் இந்த வகை. இன்னொன்று, வரியைக் கணக்கிட்ட பின். வந்த வரித் தொகையிலேயே நேராகக் குறைப்பார்கள். இது தள்ளுபடி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'டாக்ஸ் கிரெடிட்' என்பது இந்த வகைதான். நம் ஊரில் 87ஏ பிரிவுத் தள்ளுபடி இதற்குச் சரியான உதாரணம். மளிகைக் கடையில் பில் போடும் முன்பே கூடையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைத்துவிடுவதற்கும், போட்ட பில்லில் நூறு ரூபாய் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. முதலாவதில் எவ்வளவு மிச்சம் என்பது எடுத்து வைத்த பொருளின் விலையைப் பொறுத்தது. இரண்டாவதில் நூறு ரூபாய் என்றால் யாருக்கும் நூறு ரூபாய்தான்.

மூன்று பேரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவரும் அறுபது வயதுக்குக் கீழ், மூவரும் பழைய வரி முறையில் இருக்கிறார்கள், மூவரும் பொது வருங்கால வைப்பு நிதியில் ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறார்கள். நிலைக்கழிவு போக, ஒரு கடைக் கணக்காளருக்கு 5 லட்சம் வருமானம், ஒரு பள்ளி ஆசிரியைக்கு 8 லட்சம், ஒரு மென்பொருள் நிறுவன மேலாளருக்கு 14 லட்சம். பழைய முறையில் முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை. அதிலிருந்து 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். கடைசியில் சேரும் 4 சதவீத செஸ்ஸை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

மேலாளருக்குச் சேமிப்பு இல்லையென்றால் வரி 2,32,500 ரூபாய். ஒன்றரை லட்சத்தைக் கழித்து 12.5 லட்சத்துக்குக் கணக்கிட்டால் 1,87,500. மிச்சம் 45,000. ஆசிரியைக்கு 72,500 வர வேண்டிய வரி 42,500 ஆகிறது. மிச்சம் 30,000. கணக்காளருக்கோ முதலில் 12,500 வரி வருகிறது. ஆனால் பழைய முறையில் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 87ஏ தள்ளுபடி 12,500 வரை உண்டு என்பதால் அவர் கட்ட வேண்டியது ஏற்கெனவே பூஜ்யம். ஒன்றரை லட்சத்தை முடக்கியதால் அவருக்கு வரியில் கிடைத்தது எதுவுமில்லை. சேமிப்பு சேமிப்பாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. வரிக்காகப் போட்டேன் என்று மட்டும் அவர் சொல்ல முடியாது.

கழிவு எப்போதும் வருமானத்தின் உச்சியிலிருந்துதான் கழியும். மேலாளரின் உச்சி 30 சதவீத அடுக்கில் இருப்பதால் அவர் கழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 30 ரூபாய் மிச்சம். ஆசிரியைக்கு 20 ரூபாய். வருமானம் 10.5 லட்சமாக இருந்தால் கழிவு இரண்டு அடுக்குகளிலும் கால் வைக்கும். மேலே இருக்கும் 50,000 ரூபாய்க்கு 15,000, கீழே இறங்கும் ஒரு லட்சத்துக்கு 20,000 என்று மொத்தம் 35,000 மிச்சமாகும்.

இதே சேமிப்புக்குக் கழிவுக்குப் பதிலாக 20 சதவீதத் தள்ளுபடி தருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சத்தில் 20 சதவீதம் 30,000. மேலாளருக்கும் ஆசிரியைக்கும் வரியில் ஒரே மாதிரி 30,000 குறையும். ஆசிரியைக்கு எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அவருடைய அடுக்கும் 20 சதவீதம்தான். மேலாளருக்கு 15,000 நஷ்டம். கணக்காளருக்கு 87ஏ இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்தத் தள்ளுபடியே அவருடைய 12,500 வரியையும் துடைத்துவிடும். மீதி 17,500 அவர் கைக்கு வராது. நம் நாட்டுத் தள்ளுபடி வரியைப் பூஜ்யமாக்குமே தவிர, அதற்குக் கீழே போகாது. அமெரிக்காவில் 1975 முதல் குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு ஒரு வரிச்சலுகை இருக்கிறது. அதில் வரியைவிடச் சலுகை அதிகமானால் மீதியை அரசு பணமாகவே கொடுத்துவிடும்.

20 சதவீதத் தள்ளுபடி என்பது கற்பனையல்ல. 2004-05 நிதியாண்டு வரை ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதிச் சேமிப்புகளுக்கு 88ஆம் பிரிவின்கீழ் தள்ளுபடிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. அதன் கடைசி ஆண்டுகளில் மொத்த வருமானம் ஒன்றரை லட்சம் வரை உள்ளவருக்குச் சேமிப்பில் 20 சதவீதம், 5 லட்சம் வரை 15 சதவீதம், அதற்கு மேல் எதுவும் இல்லை. அதாவது 50,000 ரூபாய் சேமித்தால் சிறிய வருமானக்காரருக்கு 10,000, நடுத்தரக்காரருக்கு 7,500, பெரிய வருமானக்காரருக்கு பூஜ்யம். 2005 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் இதை எடுத்துவிட்டு, ஒரு லட்சம் வரை கழிவு தரும் 80சி பிரிவைக் கொண்டுவந்தார். வருமான வரம்பும் நீங்கியது. முன்பு ஒன்றும் கிடைக்காத பெரிய வருமானக்காரருக்கு அதே 50,000 சேமிப்பு 15,000 ரூபாயைக் கொடுக்க ஆரம்பித்தது. அதே பட்ஜெட்டில் வரியில்லா வரம்பு ஒரு லட்சமாக உயர்ந்ததால் சிறிய வருமானக்காரர்களுக்கும் வேறு வழியில் நிம்மதி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், சேமிப்புக்கான சலுகையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது கீழிருந்து மேலே நகர்ந்தது. யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்ற தீர்மானம் கழிவா, தள்ளுபடியா என்ற தேர்விலேயே அடங்கியிருக்கிறது. பட்ஜெட் நாளில் இதைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 80சி வரம்பு 2014இல் ஒன்றரை லட்சமானது. அதன் பிறகு மாறவில்லை.

கழிவும் தள்ளுபடியும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே சின்னத் தொகை பெரிய வேலை செய்யும். பழைய முறையில் ஒருவருடைய வரிக்குரிய வருமானம் 5,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 14,500, செஸ்ஸோடு 15,080. வருமானம் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் 87ஏ தள்ளுபடி முழுவதும் போய்விட்டது. அவருக்கு இன்னும் 10,000 ரூபாய் கழிவு கிடைத்தால் வருமானம் சரியாக 5 லட்சமாகும், தள்ளுபடி திரும்பி வரும், வரி பூஜ்யமாகும். 10,000 ரூபாய்க் கழிவு 15,080 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. இந்தக் கழிவு பல சமயம் கையருகிலேயே இருக்கும். வங்கிச் சேமிப்புக் கணக்கு வட்டியை வருமானத்தில் சேர்த்துக் காட்டிவிட்டு, அதற்கு 10,000 வரை கழிவு தரும் 80டிடிஏ பிரிவைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நிலை வைப்பு வட்டிக்கு இது பொருந்தாது. மார்ச் 31க்குப் பிறகு புதிதாக முதலீடு செய்து கழிவு தேட முடியாது, ஆனால் விட்டுப்போன இந்தக் கழிவை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கேட்டுவிடலாம்.

புதிய வரி முறையில் 80சி, 80டி, 80டிடிஏ எதுவும் கிடையாது. அங்கே வேலை செய்வது பெரும்பாலும் தள்ளுபடிதான். 2025-26 நிதியாண்டில் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 60,000 வரை தள்ளுபடி. "12 லட்சம் வரை வரியே இல்லை" என்று சொல்வது இதைத்தான். உண்மையில் 4 லட்சத்துக்கு மேல் வரி போடப்பட்டு, 12 லட்சத்தில் சரியாக 60,000 ஆகி, அது தள்ளுபடியில் அழிகிறது. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவும் இருப்பதால் 12,75,000 சம்பளம் வரை வரி வராது. முதலில் கழிவு வருமானத்தை 12 லட்சத்துக்கு இறக்குகிறது, பிறகு தள்ளுபடி வரியை அழிக்கிறது. வருமானம் 12,10,000 ஆனால் பழைய முறையைப் போலத் தடாலென விழ வேண்டியதில்லை. அடுக்குக் கணக்கில் 61,500 வந்தாலும், வரம்பைத் தாண்டிய 10,000 ரூபாயும் அதற்கான செஸ்ஸும் மட்டும் கட்டினால் போதும்.

வரி இல்லை என்பதற்கும் தள்ளுபடி உண்டு என்பதற்கும் உள்ள இடைவெளி பங்குச் சந்தைக்காரர்களைத்தான் அதிகம் சுடுகிறது. நிலைக்கழிவு போக 9 லட்சம் சம்பளம், அதோடு பங்குகளைச் சீக்கிரம் விற்றதில் 50,000 லாபம். மொத்தம் 9.5 லட்சம்தானே, 12 லட்சத்துக்குள்தானே என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் சாதாரண அடுக்குகளில் வந்த வரியைத்தான் இந்தத் தள்ளுபடி அழிக்கும். குறுகிய கால மூலதன லாபத்துக்கான 20 சதவீதத் தனி வரியை அது தொடாது. அவர் 10,000 ரூபாயும் செஸ் 400 ரூபாயும் கட்டியாக வேண்டும்.

டிடிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. படிவம் 26ஏஎஸ்ஸில் வரும் தொகை சலுகையல்ல. உங்கள் பணத்திலிருந்து முன்கூட்டியே பிடித்த வரி அது. ரீஃபண்டாக வருவது உங்கள் பணமே.

இவற்றில் உங்களுக்கு எது எவ்வளவு கிடைத்தது என்று அறிய ஃபார்ம் 16இன் பகுதி 'பி'யை மேலிருந்து கீழாகப் படியுங்கள். வரிக்குரிய வருமானம் என்ற வரிக்கு மேலே இருப்பவை கழிவுகள். வரி என்ற வரிக்குக் கீழே, செஸ்ஸுக்கு முன்னால் வருவது 87ஏ தள்ளுபடி. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். மேலே எழுதியிருப்பவை 2025-26ஆம் ஆண்டு வருமானத்துக்கான எண்கள்.