தொடைப் பின்தசைக் கிழிசல்: வலி போனதும் ஓடலாமா?

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் ஒன்றாக இயங்குகின்றன. இவற்றைச் சேர்த்து ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்கள். உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கும் இடுப்பெலும்பு முனையில் தொடங்கும் இவை, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. வெளிப்பக்கமாக இறங்குவது பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உள்பக்கம் செல்லும் மற்ற இரண்டும் செமிடென்டினோசஸ், செமிமெம்ப்ரனோசஸ். இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்வதால், ஒரே நேரத்தில் இரு முனையிலும் இழுபடும் நிலை இவற்றுக்கு அடிக்கடி வருகிறது.

வேக ஓட்டத்தில் கிழிசல் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நேர்கிறது. கால் முன்னோக்கி வீசப்பட்டு, முழங்கால் நீண்டு, பாதம் தரையைத் தொடப்போகிறது. அப்போது முன்னே பாயும் கீழ்க்காலைப் பிடித்து நிறுத்தும் வேலை பின்தசையுடையது. அதாவது, நீண்டுகொண்டே இருக்கும்போதே அது முழு விசையுடன் இறுகவும் வேண்டும். இந்த விசையைத் தாங்க முடியாதபோது நார்கள் அறுகின்றன. ஓட்டத்தில் அதிகம் கிழிவது பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையின் நீண்ட தலை. 2017 லண்டன் உலகத் தடகளப் போட்டியின் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில், கடைசிச் சுற்றில் ஓடிய உசைன் போல்ட் தொடையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் விழுந்தது இந்தத் தசைத் தொகுதியில் ஏற்பட்ட காயத்தால்தான்.

கால்பந்தில் இன்னொரு வகையும் உண்டு. உயரமாக வரும் பந்தை உதைக்கக் காலைத் தூக்கும்போதோ, சறுக்கிப் பந்தைப் பறிக்கும்போதோ தசை அளவுக்கு மீறி நீள்கிறது. இதில் செமிமெம்ப்ரனோசஸின் மேல்முனை, பிட்டத்துக்கு அருகே பாதிக்கப்படுகிறது. முதல் நாள் வலி குறைவாகவே இருப்பதால் பலர் இதைச் சிறிய காயம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஓட்டத்தில் ஏற்படும் கிழிசலைவிட இது ஆற அதிக காலம் எடுப்பதே வழக்கம்.

கிழிசலைச் சாதாரணத் தசைப்பிடிப்பிலிருந்து பிரித்தறிவது கடினமல்ல. பிடிப்பு என்றால் தசை உருண்டு கட்டிக்கொள்ளும். மெதுவாக நீட்டிவிட்டால் சில நிமிடங்களில் தளரும். பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசியில், களைப்பில் வரும். கிழிசலோ ஒரே அடியில், யாரோ பின்னாலிருந்து அடித்ததைப் போல வருகிறது. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடியும். நீட்டினால் வலி கூடும். அடுத்த நாளும் வலி இருக்கும்.

கிழிசல் என்று தோன்றினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். தொடையைச் சுற்றி அழுத்தக் கட்டுப் போட்டு, துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்யலாம். முதல் சில நாட்களில் செய்யக்கூடாதவை மூன்று: வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுதல், வலிக்க வலிக்க நீட்டி இழுத்தல். அறுந்த நார்களிலிருந்து ரத்தம் கசியும் நேரத்தில் இம்மூன்றும் கசிவைக் கூட்டும்.

மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ முதலில் பார்ப்பது நான்கு விஷயங்களை: நடையில் நொண்டல் உண்டா, தொட்டால் எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்கு வலிக்கிறது, முழங்காலை எவ்வளவு நீட்ட முடிகிறது, எதிர்விசை கொடுத்து மடக்கும்போது வலு எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றையும் நல்ல காலுடன் ஒப்பிடுகிறார்கள். இவற்றை வைத்துக் காயத்தை மூன்று தரங்களாகப் பிரிப்பது பழைய முறை. முதல் தரத்தில் சில நார்கள் மட்டும் அறுந்திருக்கும். வலி உண்டு, வலு பெரிதாகக் குறைந்திருக்காது. இரண்டாம் தரத்தில் தசையின் ஒரு பகுதி கிழிந்திருக்கும். நடை நொண்டும், இரண்டு மூன்று நாளில் ரத்தக்கட்டு நீலமாகத் தெரியும். மூன்றாம் தரம் முழுமையாக அறுந்த நிலை. பொதுவாக முதல் தரத்துக்கு 1 முதல் 3 வாரம், இரண்டாம் தரத்துக்கு 4 முதல் 8 வாரம், மூன்றாம் தரத்துக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவலான பிறகு பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் 2014-இல் இன்னும் நுட்பமான ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் 0 முதல் 4 வரை தரங்கள் உண்டு. தசையின் குறுக்குப் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் கிழிந்தால் 1, 10 முதல் 50 சதவீதம் என்றால் 2, அதற்கு மேல் 3, முழுவதும் அறுந்தால் 4. எண்ணுக்குப் பின்னால் காயத்தின் இடத்தைக் காட்டும் ஒரு குறியும் வரும்: தசையின் வெளி உறையிலா, தசையும் தசைநாணும் சேரும் இடத்திலா, தசைநாணுக்கு உள்ளேயா என்பதை அது சொல்கிறது. கிழிசலின் அளவைப் போலவே இந்த இடமும் முக்கியமானது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், விரைவில் ஆறும். தசைநாண் மெதுவாகவே ஆறும். அதன் உள்ளே கிழிந்திருந்தால் திரும்பக் கிழியும் ஆபத்தும் கூடுதல்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. ‘பட்’டென்று சத்தம் கேட்டு, பிட்டத்துக்குக் கீழே கடும் வலியுடன் உட்காரவே முடியாமல் போய், தொடை முழுவதும் ரத்தக்கட்டு பரவினால், தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கக்கூடும். இதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதைத் தள்ளிப்போட்டால், சுருங்கிப்போன தசைநாணை இழுத்துப் பொருத்துவது கடினமாகும். காலில் மரத்துப்போதல் இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்குத் தசையைவிட எலும்பின் வளர்ச்சிப் பகுதி பலவீனமானது. அதனால் 13 முதல் 17 வயதுக்குள் இப்படி நேர்ந்தால், எலும்புத் துண்டு பிய்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

மற்ற கிழிசல்களுக்கு மருந்தைவிடப் பயிற்சியே சிகிச்சை. டென்மார்க்கில் தொடை, கெண்டைக்கால் தசைக் காயம் பட்ட அமெச்சூர் வீரர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. காயத்துக்கு 2 நாளுக்குப் பின் பயிற்சி தொடங்கியவர்கள், 9 நாள் ஓய்வெடுத்துத் தொடங்கியவர்களைவிடச் சுமார் 3 வாரம் முன்பே விளையாட்டுக்குத் திரும்பினார்கள். முழு ஓய்வில் தசை மெலிகிறது. ஆறும் நார்களும் ஒழுங்கின்றி அமைகின்றன. அளவான சுமையோ அவற்றைச் சரியான திசையில் அடுக்குகிறது.

இது நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 24 வயது விங்கர் ஒருவர், ஆட்டத்தின் 70-ஆவது நிமிடத்தில் பந்தைத் துரத்தி ஓடும்போது வலது தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் தொடையின் நடுவில், வெளிப்பக்கமாக 7 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொட்டால் வலி. முழங்காலை நீட்டுவதில் இடது காலைவிட 20 டிகிரி குறைவு. இது இரண்டாம் தரம்.

மூன்றாம் நாள் அவர் குப்புறப் படுத்து, வலது குதிகாலை இடது பாதத்தால் தடுத்துக்கொண்டு மெதுவாக மடக்க முயல்கிறார். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு. நொண்டாமல் நடக்க முடிந்ததும் மெதுவான ஓட்டம் தொடங்குகிறது. இரண்டாம் வாரத்தில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சி. முதலில் இரு காலால், பிறகு ஒரு காலால். மூன்றாம் வாரத்தில் தசை நீண்டபடியே சுமை தாங்கும் பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று முன்னே குனிந்து நிமிர்வது அவற்றில் ஒன்று. ஓட்ட வேகமும் பாதியிலிருந்து படிப்படியாக 70 சதவீதம் வரை ஏறுகிறது.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நான்காம் வாரத்தில் அவருக்கு நடப்பதிலும் படியேறுவதிலும் மெதுவாக ஓடுவதிலும் வலியே இல்லை. ஆனால் 80 சதவீத வேகத்திலிருந்து முழு வேகத்துக்குப் போகும்போது பின்தசை தாங்க வேண்டிய விசை மிகக் கூர்மையாக உயர்கிறது. மெதுவான ஓட்டத்தில் வலியில்லை என்பது முழு வேகத்தைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. அதனால் 80, 90, 95 என்று ஒவ்வொரு படியிலும் சில நாள் ஓடி, மறுநாள் காலையில் இறுக்கமோ வலியோ இல்லையென்று உறுதி செய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஏதாவது இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

ஆறாம் வாரத்தில் அவர் முழுத் தகுதி பெற்றாரா என்பதைக் காலண்டர் சொல்ல முடியாது; சோதனைகளே சொல்ல வேண்டும். தொட்டால் வலி இருக்கக் கூடாது. முழங்கால் இரு காலிலும் ஒரே அளவு நீள வேண்டும். வலுவில் வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை முடிந்த வேகத்தில் மேலே வீசும்போது வலியோ தயக்கமோ தோன்றக் கூடாது. முழு வேகத்தில் பல முறை ஓடி நின்று திரும்ப முடிய வேண்டும். இவற்றில் தேறிய பிறகு, அணியுடன் குறைந்தது ஒரு வாரம் முழுப் பயிற்சி; அதற்குப் பின் முதல் போட்டியில் 20 அல்லது 30 நிமிட ஆட்டம்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், இந்தக் காயம் திரும்ப வரும் இயல்புடையது. அப்படி வருபவற்றில் பெரும்பகுதி, ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு மாதங்களில் வருகிறது. இரண்டாவது கிழிசல் பெரும்பாலும் முதலாவதைவிட அதிக நாள் எடுக்கிறது. ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்புகளில் யுஇஎஃப்ஏ நடத்திவரும் நீண்டகால ஆய்வில், மொத்தக் காயங்களில் இதன் பங்கு 2001-02 பருவத்தில் 12 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 24 சதவீதமாக உயர்ந்தது.

தடுப்புக்கு அதிகச் சான்றுள்ள பயிற்சி நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங். ஒருவர் மண்டியிட்டு நிற்க, இன்னொருவர் அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலிலிருந்து தலைவரை உடலை நேராக வைத்து, பின்தசையால் தாங்கியபடி முடிந்தவரை மெதுவாக முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் இரண்டு சுற்று போதும். மறுநாள் தசை நன்றாக வலிக்கும் என்பதால் போட்டிக்கு முந்தைய நாள் செய்யக் கூடாது. சில வாரங்களில் வாரம் மூன்று நாளாக உயர்த்தி, பத்து வாரத்துக்குப் பின் வாரம் ஒரு நாள் தொடர்ந்தால் பெற்ற வலு நிலைக்கும். இதைத் தவறாமல் செய்யும் அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன. அதை விட்டுவிடும் அணிகளுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை.