அகச்சிவப்பா, புளூடூத்தா? புது ரிமோட் வாங்குமுன்...

சென்னை ரிச்சி தெருவில் ரிமோட் விற்கும் கடைகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணே, டிவி ரிமோட் ஒண்ணு வேணும்."

"எந்த கம்பெனி? பழைய ரிமோட் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அது தொலைஞ்சுபோச்சுண்ணே."

"சரி, வாய்ஸ் ரிமோட்டா, சாதா ரிமோட்டா?"

வாங்க வந்தவர் முழிப்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். கம்பெனி பெயர் தெரியும், டிவி எத்தனை அங்குலம் என்றும் தெரியும். ஆனால் ரிமோட் டிவியோடு எப்படிப் பேசியது என்பதை யாரும் கவனித்திருப்பதில்லை. புது ரிமோட் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பதோ அதுதான்.

சாதா ரிமோட் என்றால் அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது, கடைக்காரர்கள் ஐ.ஆர். என்பார்கள். மைக் பொத்தான் உள்ள வாய்ஸ் ரிமோட் பெரும்பாலும் புளூடூத். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்று ரிமோட் தேடும்போது இரண்டுக்கும் வழி வேறு.

கையால் மூடிப் பாருங்கள்

ரிமோட் கையில் இருந்தால் அது எந்த வகை என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதன் முனையை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு அம்புக்குறிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் எதுவும் நகரவில்லை என்றால் ஐ.ஆர். மூடியபோதும் நகர்கிறது என்றால் புளூடூத். வெளிச்சம் கையைத் தாண்டாது, ரேடியோ அலை தாண்டும்.

ரிமோட் வேலையே செய்யவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் கேமராத் திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மினுக்கும். சில போன்களின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும் என்பதால் செல்ஃபி கேமராவில் பார்ப்பது நல்லது.

ஐ.ஆர். ரிமோட்டில் புள்ளி மினுக்கினால் ரிமோட் கதிரை அனுப்புகிறது என்று அர்த்தம். கோளாறு டிவியின் பக்கம் இருக்கலாம். எந்தப் பொத்தானுக்குமே மினுக்கவில்லை என்றால் ரிமோட் போய்விட்டது. சில பொத்தான்கள் மட்டும் மக்கர் செய்தால், உள்ளே இருக்கும் ரப்பர் விரிப்பின் கறுப்புப் புள்ளிகளில் அழுக்கு ஏறியிருக்கும். பிரித்துத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும், புதிது வாங்க வேண்டியதில்லை.

புளூடூத் ரிமோட்டை இப்படிச் சோதித்துவிட்டுக் கெட்டுப்போனதாக நினைத்துவிடக் கூடாது. அதன் அம்புக்குறிப் பொத்தான்களில் வெளிச்சமே வராது. ஆனால் அதே ரிமோட்டின் பவர் பொத்தானை அழுத்தினால் புள்ளி மினுக்கலாம். பல ரிமோட்டுகள் இரண்டு வகையும் கலந்தவை என்பதுதான் காரணம். இதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

ஐ.ஆர்.: குறியீடு ஒத்துப்போனால் போதும்

ஐ.ஆர். ரிமோட்டின் வேலை தண்டோரா போடுவதுதான். அறைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டுப் போய்விடும். யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது, பதிலும் வராது. அந்த வெளிச்சம் நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 32 பிட் செல்கிறது. எந்தக் கருவிக்கு என்ற எண், என்ன உத்தரவு என்ற எண், இரண்டையும் சரிபார்க்க அவற்றின் தலைகீழ் வடிவங்கள். அவ்வளவுதான் மொத்தச் செய்தியும்.

இதில் ரகசியமோ முன் அறிமுகமோ கிடையாது. அதே எண்ணை எந்த ரிமோட் அனுப்பினாலும் டிவி கீழ்ப்படியும். அதனால்தான் நூறு, இருநூறு ரூபாய்க்கு நகல் ரிமோட் கிடைக்கிறது. பெரிய பெயரில்லாத கம்பெனிகள் பலவும் ஒரே வகை போர்டை வாங்கி டிவி செய்வதால், பெயர் வேறாக இருந்தும் ஒருவர் வீட்டு ரிமோட் இன்னொருவர் வீட்டு டிவியில் வேலை செய்வதுண்டு. இதற்கு நேர்மாறாக, ஒரே கம்பெனியின் பழைய டிவி ரிமோட் புது டிவிக்குச் சேராமலும் போகும். பார்க்க வேண்டியது கம்பெனி பெயரை அல்ல. டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை, பழைய ரிமோட் இருந்தால் அதன் முதுகில் உள்ள எண்ணை.

ஐ.ஆர். பிளாஸ்டர் உள்ள செல்போன் வீட்டில் இருந்தால், கடைக்குப் போகும்வரை அதையே ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். ரெட்மி போன்கள் பலவற்றில் இது உண்டு. "லேர்னிங் ரிமோட்" என்று விற்பவை பழைய ரிமோட்டின் கதிரை எதிரே வைத்துப் படித்துக்கொள்பவை. பழையது தொலைந்த பிறகு அவற்றுக்குப் படிக்க ஒன்றும் இல்லை.

ஏ.சி. ரிமோட் மட்டும் கொஞ்சம் வேறு. டிவி ரிமோட் "ஒலியைக் கூட்டு" என்று ஒரே உத்தரவை அனுப்பும். ஏ.சி. ரிமோட்டோ ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வெப்பநிலை, ஃபேன் வேகம், மோடு என்று முழு நிலவரத்தையும் அனுப்புகிறது. ஆகவே யுனிவர்சல் ரிமோட்டில் ஏ.சி. ஆன் ஆனதும் திருப்திப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வெப்பநிலை, ஃபேன், ஸ்விங் ஆகிய மூன்றும் மாறுகின்றனவா என்று பார்த்த பிறகே அந்தக் குறியீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத்: அறிமுகம் வேண்டும்

புளூடூத் ரிமோட் தனக்கு அறிமுகமான ஒரு கருவியோடு மட்டும் பேசும். அந்த அறிமுகத்துக்குத்தான் பேரிங் என்று பெயர். பேரிங்கின்போது இரண்டும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்து தங்களுக்குள் சேமித்துக்கொள்கின்றன. ஆகவே அதே கம்பெனியின் அதே மாடல் ரிமோட்டை வாங்கி வந்தாலும் பேரிங் செய்யாதவரை அது வேலை செய்யாது. மாடலும் பொருந்த வேண்டும். எல்.ஜி. மேஜிக் ரிமோட்டில் எம்.ஆர்.20, எம்.ஆர்.21 என்று வரும் எண் அது எந்த ஆண்டு டிவிக்காக வந்தது என்பதைக் காட்டுகிறது. ஃபயர் டிவி ஸ்டிக்கின் முதல் தலைமுறைக்கு, பின்னால் வந்த ஒலிப் பொத்தான் உள்ள ரிமோட் சேராது.

ஸ்மார்ட் டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் ஐ.ஆர். வாங்கியும் இருக்கிறது. பேச்சுத் தேடல் வேண்டாம் என்றால் மலிவான ஐ.ஆர். நகலே போதும்; ஆன், ஆஃப், ஒலி, அம்புக்குறி, ஹோம் எல்லாம் நடக்கும். ஆன்லைனில் வாங்கும்போது விவரத்தில் No pairing required என்று இருந்தால் அது ஐ.ஆர். நகல், அதில் மைக் பொத்தான் வெறும் அலங்காரம். மைக் வேலை செய்ய வேண்டும் என்றால் பேரிங் தேவை என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

இந்தச் சௌகரியம் டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்டிக்குக்குக் கிடையாது. அது கதிர் எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஃபயர் டிவி ஸ்டிக்கில் ஐ.ஆர். வாங்கியே இல்லை. எந்த ஐ.ஆர். ரிமோட்டாலும் அதோடு நேரடியாகப் பேச முடியாது.

ரிமோட்டும் இல்லை, பழைய வைஃபையும் இல்லை

மிகச் சிக்கலான நிலைமையையே எடுத்துக்கொள்வோம். வீடு மாறும்போது ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் தொலைந்துவிட்டது. புது வீட்டில் இன்டர்நெட் இணைப்பும் புதிது.

பொருத்தமான ரிமோட் வாங்கி வந்தால் வேலை சுலபம். ஸ்டிக்கின் மின் இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி செருகி, முகப்புத் திரை வந்ததும் ரிமோட்டை அருகில் வைத்து ஹோம் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் இதிலேயே சேர்ந்துவிடும்.

சேரவில்லை என்றால் Settings பக்கத்துக்குள் போய் Controllers & Bluetooth Devices என்ற இடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே போகவே ரிமோட் வேண்டுமே! முதலில் டிவியின் சொந்த ரிமோட்டை எடுத்து அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக டிவி அந்த உத்தரவை ஸ்டிக்குக்குக் கடத்தும் வசதி பல டிவிகளில் உண்டு. எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க் என்று அதற்குப் பெயர்.

அதுவும் நடக்கவில்லை என்றால் செல்போனில் ஃபயர் டிவி செயலி இருக்கிறது. ஆனால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்குக்குத் தெரிந்ததோ பழைய வீட்டு வைஃபை மட்டும். இங்கேதான் பலர் ஸ்டிக்கையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்துவிடுங்கள். ஸ்டிக் அதைப் பழைய இணைப்பு என்று எண்ணித் தானாகவே சேர்ந்துவிடும். ரவுட்டரைத் தொட முடியாதென்றால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். இன்னொரு போனை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் செயலியைத் திறங்கள். டிவி திரையில் தோன்றும் எண்ணைச் செயலியில் அடித்தால் போன் ரிமோட்டாகிவிடும். அதைக் கொண்டு புது ரிமோட்டைச் சேர்த்துவிட்டு, பிறகு ஸ்டிக்கைப் புது வைஃபைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு குறை மிஞ்சலாம். படம் ஓடும், ஒலி மட்டும் கூடாது. ரிமோட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். அம்புக்குறிகள் புளூடூத்தில் ஸ்டிக்கோடு பேசுகின்றன. ஒலியும் பவரும் ஐ.ஆர். கதிராக நேரே டிவிக்குப் போகின்றன. டிவி எந்த கம்பெனி என்று Settings பக்கத்தில் Equipment Control என்ற இடத்தில் சொன்னால்தான் அதற்குரிய குறியீடு ரிமோட்டுக்குக் கிடைக்கும். முனையைக் கையால் மூடினால் ஒலி மட்டும் மாறாது, படம் மாறும். கலப்பு ரிமோட் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ரிமோட் நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை இரண்டு. ரிமோட்டின் முன்பக்கம், முதுகு, டிவியின் மாடல் எண் ஒட்டியுள்ள இடம் ஆகியவற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கோ ஸ்மார்ட் டிவியோ இருந்தால் அதற்கான செயலியை இன்றே போனில் இணைத்துவிடுங்கள். ரிமோட் தொலைந்த பிறகு செய்ய வேண்டிய வேலையில் பாதி அதோடு முடிந்துவிடும்.