கடையில் இருக்கும் சரக்கு யாருடையது?

கிள்ளானில் ஒரு மளிகைக் கடையில் 100 போத்தல் ஊறுகாய் வைத்தேன். ஒரு போத்தலுக்கு என் அடக்கம் 7 ரிங்கிட். விற்ற பிறகே கடைக்காரர் 10 ரிங்கிட் தருவார். விற்காததை நான் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் கன்சைன்மென்ட்.

சரக்கைக் கொடுத்த அன்றே 1,000 ரிங்கிட் விற்பனை, 300 ரிங்கிட் லாபம் என்று எழுதிவிட்டேன். ஆண்டுக் கடைசியில் என் கணக்காளர் அக்கா, “உண்மையில் எத்தனை விற்றது தம்பி?” என்று கேட்டார். நாற்பதுதான்.

“அப்படியென்றால் விற்பனை 400, லாபம் 120. மீதி 60 போத்தலும் அவர் கடையில் இருந்தாலும் உன் சரக்குதான். அடக்க விலைக்கு 420 ரிங்கிட் என்று உன் இருப்பில் காட்டு” என்றார்.

கடைக்காரரோ அந்த 60 போத்தலைத் தம் இருப்பிலும் சேர்த்திருந்தார். பேசி நீக்க வைத்தேன். அன்றிலிருந்து டெலிவரி ஆர்டரில் ‘கன்சைன்மென்ட், விற்கும்வரை என் உடைமை’ என்று எழுதி, மாதந்தோறும் போத்தல்களை எண்ணி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

சில மாதங்களில் கடன் தாங்காமல் கடை மூடப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் சரக்கைக் கணக்கெடுக்க வந்தபோது, அந்தத் தாள்களைக் காட்டித்தான் மீதிப் போத்தல்களை மீட்டேன்.